புகையில்லாத சிம்னி சொல்லாத கணக்கு

சின்ன பாய்லர் ஓடும் இடங்களில் பர்னருக்கு எவ்வளவு காற்று விடுவது என்பதைப் பெரும்பாலும் சிம்னியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். கறுப்பாகப் புகை தெரிந்தால் காற்று டேம்பரைக் கொஞ்சம் திறப்பார்கள். புகை நின்றதும் விட்டுவிடுவார்கள். “புகையே இல்லீங்க, சுத்தமா எரியுது” என்று பாய்லர் பார்ப்பவர் நிம்மதியாகச் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் காற்று குறைந்தால் மட்டுமே சிம்னி காட்டிக்கொடுக்கும். காற்று கூடிப்போனால் அது வாய் திறக்காது. தேவையைப் போல இரண்டு மடங்கு காற்று உள்ளே போனாலும் சிம்னியின் மேல் வானம் அதே தெளிவோடுதான் தெரியும். அப்படி அதிகமாக நுழைந்த காற்று எரிவதற்கு உதவாமல், வெறுமனே சூடேறி, அந்தச் சூட்டோடு மேலே போய்விடுகிறது. அந்தச் சூடு டீசலிலிருந்து வந்தது.

இந்த இழப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. அதைப் பார்ப்பதற்கு உள்ள கருவிதான் கம்பஸ்சன் அனலைசர். கையில் பிடிக்கும் அளவுள்ள பெட்டி, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், குழாயின் முனையில் ஒரு நீண்ட எஃகுக் கம்பி. கம்பியைப் புகைக்குழாயில் போட்ட துளைக்குள் செருகினால், பெட்டிக்குள் இருக்கும் சிறு பம்ப் புகையை உறிஞ்சி இழுக்கும். ஆக்சிஜன் எத்தனை சதவீதம், கார்பன் மோனாக்சைடு எத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, புகையின் வெப்பநிலை எத்தனை டிகிரி என்ற மூன்றையும் அது அளக்கிறது. திரையில் வரும் மற்ற எண்களில் பல, இந்த மூன்றையும் அறையின் வெப்பநிலையையும் வைத்து அது போடும் கணக்குகள். மூன்றில் எந்த ஒன்றையும் தனியாகப் படித்து முடிவெடுத்தால் ஏமாறுவோம் என்பதைத்தான் இந்தக் கருவியை வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறக்குறைய பதினான்கரை கிலோ காற்று வேண்டும். துளிக்குத் துளி, பொட்டுக்குப் பொட்டு கலந்துவிட்டால் அதுவே போதும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சாது. ஆனால் நாசிலிலிருந்து தூவப்படும் டீசல் நொடிக்கும் குறைந்த நேரத்தில் எரிந்து முடிய வேண்டும். அதற்குள் எல்லாத் துளிக்கும் அதன் பங்குக் காற்று போய்ச் சேராது. அதனால் கணக்குக்கு மேலே கொஞ்சம் காற்று கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு அதிகம் கொடுத்திருக்கிறோம் என்பதைப் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் சொல்கிறது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். புகையில் உள்ள ஆக்சிஜனை, 20.9-லிருந்து அதையே கழித்து வரும் எண்ணால் வகுத்தால் மிகைக்காற்றின் பங்கு கிடைத்துவிடும். புகையில் 4.5 சதவீதம் ஆக்சிஜன் என்றால் மிகைக்காற்று சுமார் 27 சதவீதம். 8.5 சதவீதம் என்றால் சுமார் 69 சதவீதம்.

கருவியை எப்படிப் பிடிக்கிறோம் என்பதிலேயே பாதி அளவீடு தவறிப்போகும். அதை இயக்கும்போது சுத்தமான வெளிக்காற்றில் வைத்து இயக்க வேண்டும். ஏனென்றால் அந்த நேரத்தில் தன்னைச் சுற்றியுள்ள காற்றை அது 20.9 என்றும், கார்பன் மோனாக்சைடு பூஜ்யம் என்றும் எடுத்துக்கொள்கிறது. பாய்லர் அறைக்குள் புகை கசியும் இடத்தில் நின்று இயக்கினால் அந்தக் கசிவே பூஜ்யமாகப் பதிந்துவிடும். பின்னால் வரும் ஒவ்வொரு கார்பன் மோனாக்சைடு எண்ணும் அந்த அளவுக்குக் குறைந்தே தெரியும். துளை, பாய்லரைவிட்டுப் புகை வெளியேறும் இடத்துக்கு அருகில், வளைவுகளுக்கு ஒட்டாமல் நேராக ஓடும் குழாயில் இருக்க வேண்டும். கம்பியின் முனை குழாயின் நடுவில் நிற்க வேண்டும். ஓரத்தில் புகை குளிர்ந்திருக்கும், வெப்பநிலை குறைவாக வரும். கம்பியை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டே போய், வெப்பநிலை எங்கே உச்சமாக இருக்கிறதோ அங்கே நிறுத்தலாம். புகையில் உள்ள நீர் குளிர்ந்து சேரும் சிறு கிண்ணத்தை அவ்வப்போது காலி செய்ய வேண்டும். அந்த நீர் சென்சாருக்குள் போனால் சென்சார் கெட்டுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். நடுத்தரமான ஒரு மருத்துவமனையில் சலவைக்கும் சமையலுக்கும் மணிக்கு 500 கிலோ நீராவி தரும் டீசல் பாய்லர். 7 கிலோ அழுத்தத்தில் ஓடுகிறது. அந்த அழுத்தத்தில் நீராவியின் வெப்பநிலை சுமார் 170 டிகிரி. பர்னர் விட்டுவிட்டு எரிவதால் சராசரியாக மணிக்கு 30 லிட்டர் டீசல் போகிறது. சிம்னியில் புகை இல்லை. கம்பியைச் செருகினால் ஆக்சிஜன் 8.5, கார்பன் மோனாக்சைடு 65 பிபிஎம், புகையின் வெப்பநிலை 235 டிகிரி, அறையில் 33 டிகிரி.

இங்கே கை நேராக டேம்பருக்குப் போகத் துடிக்கும். காற்று அதிகம் என்று தெரிந்துவிட்டதே! ஆனால் அந்த 65-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இவ்வளவு மிகைக்காற்றில் கார்பன் மோனாக்சைடு வரவே கூடாது. வந்திருப்பதோடு, அந்த 65-ம் உண்மையைக் குறைத்துத்தான் காட்டுகிறது. கூடுதல் காற்று புகையோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்திருக்கிறது. கலந்த காற்றை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால், அதாவது 65-ஐ 20.9-ஆல் பெருக்கி 12.4-ஆல் வகுத்தால், சுமார் 110 வரும். காற்றும் தாராளம், கார்பன் மோனாக்சைடும் தாராளம் என்றால் குறை காற்றின் அளவில் இல்லை, கலப்பில் இருக்கிறது. நாசிலின் துளை ஒரு பக்கம் அடைத்துக்கொண்டு டீசல் கோணலாகத் தூவப்படலாம். பம்பின் அழுத்தம் குறைந்து துளிகள் பெரிதாக விழலாம். காற்றைச் சுழற்றிவிடும் தட்டில் கரி படிந்திருக்கலாம். எரியும் சுடர், தண்ணீர் சூழ்ந்த சுவரில் மோதிப் பாதியில் குளிர்ந்துபோகலாம். வேகமாகப் பாயும் அளவுக்கு மீறிய காற்றே சுடரைக் குளிரவைப்பதும் உண்டு. இந்தக் கட்டத்தில் டேம்பரை மூடினால் கார்பன் மோனாக்சைடு சட்டென்று ஏறும், கரியும் சேரும். பிறகு பயந்துபோய் மறுபடியும் பழையபடியே திறந்துவைப்பார்கள். அனலைசர் வாங்கியும் பயனில்லை என்று சில இடங்களில் அது அலமாரிக்குப் போவது இப்படித்தான்.

எனவே முதலில் பர்னரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நாசிலைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்வது பழக்கத்தில் இருக்கிறது. அதைச் செய்யாமல் இருப்பது நல்லது. துளையின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் தூவல் நிரந்தரமாகக் கோணிவிடும். அதே அளவு, அதே கோணம் உள்ள புதிய நாசிலைப் போடுவதே வழி. தட்டைத் துடைத்து, எலக்ட்ரோடு இடைவெளியைச் சரிபார்த்து, எண்ணெய் வடிகட்டியைக் கழுவி, பம்ப் அழுத்தத்தை பர்னரின் கையேட்டில் சொல்லியிருக்கும் எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். காற்று விசிறியின் இறக்கைகளில் சேர்ந்திருக்கும் பஞ்சையும் தூசையும் எடுக்க வேண்டும். சலவை அறைக்குப் பக்கத்தில் இருக்கும் பாய்லரில் அது நிறையவே சேரும். இவ்வளவும் செய்து மறுபடியும் எரியவிட்டால், நம் பாய்லரில் ஆக்சிஜன் ஏறக்குறைய அதே அளவில் இருக்க, கார்பன் மோனாக்சைடு 20-க்கு இறங்குகிறது. இப்போதுதான் டேம்பரைத் தொடலாம்.

தொடுவதற்கு முன் பாய்லர் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். நீராவி வால்வைத் திறந்து, பர்னர் இடையில் நின்றுவிடாதபடி வேலை கொடுத்து வைக்க வேண்டும். டேம்பரை ஒரு நூல் அளவு மூடுவது, ஒரு நிமிடம் பொறுப்பது, எண்கள் அசையாமல் நின்றதும் குறித்துக்கொள்வது, அடுத்த நூல். அவசரப்பட்டால் போன படியின் புகையை இந்தப் படியின் புகையாக எண்ணிவிடுவோம். நம் பாய்லரில் ஆக்சிஜன் 7-க்கு வரும்போது கார்பன் மோனாக்சைடு 15, வெப்பநிலை 229. ஆக்சிஜன் 5.5-ல் கார்பன் மோனாக்சைடு 14, வெப்பநிலை 222. ஆக்சிஜன் 4.5-ல் 18, 216. ஆக்சிஜன் 3.5-ல் 40, 212. இன்னும் ஒரு நூல் மூடி ஆக்சிஜன் 2.8-ஐத் தொட்டதும் கார்பன் மோனாக்சைடு 190-க்குத் தாவுகிறது.

அந்தத் தாவலைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். இறங்கி, தட்டையாக நின்று, சட்டென்று மேலே வளையும் அந்த முழங்கை ஒவ்வொரு பர்னருக்கும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். புத்தகத்தில் போட்டிருக்கும் ஆக்சிஜன் அளவை அப்படியே வைப்பதைவிட, நம் பர்னரின் முழங்கை எங்கே என்று கண்டுபிடித்து, அதிலிருந்து பின்வாங்கி நிற்பதுதான் சரியான முறை. டீசல் பர்னரில் இன்னொரு சோதனையும் கட்டாயம். கரித்தூளை அனலைசர் அளப்பதில்லை. டீசலில் கார்பன் மோனாக்சைடு ஏறுவதற்கு முன்பே கரி வரத் தொடங்கிவிடலாம். அதற்குக் கைப்பம்பு ஒன்று இருக்கிறது. வெள்ளை வடிதாளை அதில் செருகி, புகைக்குழாயிலிருந்து பத்து முறை இழுத்தால் தாளில் ஒரு வட்டக் கறை விழும். அந்தக் கறையைப் பூஜ்யம் முதல் ஒன்பது வரை உள்ள சாம்பல் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். டீசலுக்குப் பூஜ்யமோ ஒன்றோ இருந்தால் நல்லது. ஒவ்வொரு படியிலும் முதலில் தாள், பிறகு அனலைசர் என்ற வரிசையில் போனால் அனலைசரின் வடிகட்டியும் கரியிலிருந்து தப்பிக்கும்.

எவ்வளவு பின்வாங்குவது? 3.5-ல் 40 பிபிஎம்தானே, தாளும் வெள்ளையாகத்தானே இருக்கிறது, அங்கேயே நிறுத்தினால் என்ன என்று தோன்றும். இதற்குப் பணக் கணக்கும் வெயில் கணக்கும் சேர்ந்து பதில் சொல்கின்றன.

சிம்னி வழியாகப் போகும் சூட்டின் பங்கைக் கணக்கிட ஜெர்மனியில் உருவான சீகெர்ட் சூத்திரம் ஒன்று உண்டு. பல அனலைசர்கள் உள்ளே வைத்திருப்பது அதைத்தான். டீசலுக்கு அது இப்படி இருக்கும்: 0.68-ஐ, 21-லிருந்து புகையின் ஆக்சிஜனைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். அதோடு 0.007-ஐக் கூட்ட வேண்டும். வந்ததை, புகைக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். தொடக்க நிலையில் வித்தியாசம் 202 டிகிரி, ஆக்சிஜன் 8.5. இழப்பு 12.4 சதவீதம். ஆக்சிஜன் 4.5, வெப்பநிலை 216 ஆனபோது இழப்பு 8.8. ஆக்சிஜன் 3.5, வெப்பநிலை 212 என்றால் 8.2. முதல் நான்கு புள்ளி ஆக்சிஜனைக் குறைத்ததில் 3.6 சதவீதம் கிடைத்தது. அடுத்த ஒரு புள்ளியில் கிடைப்பது அரை சதவீதத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

அந்தச் சிறு லாபத்துக்காக விளிம்பில் நின்றால் வெயில் நம்மைத் தள்ளிவிடும். பர்னர் விசிறி ஒரு சுற்றில் தள்ளுவது ஒரே கன அளவுக் காற்றைத்தான். சூடான காற்று லேசானது. மார்கழி விடியற்காலை 20 டிகிரியில் டேம்பரைப் பூட்டிவிட்டு, சித்திரை மதியம் 40 டிகிரியில் அதே பாய்லரை ஓட்டினால், உள்ளே போகும் காற்றின் எடை ஆறு சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். குளிரில் 4.5 சதவீத ஆக்சிஜனில் பூட்டிய பர்னர், மதியத்தில் ஏறக்குறைய 3.4-க்கு வரும். நம் எடுத்துக்காட்டில் அது முழங்கைக்கு இந்தப் பக்கமே நிற்கிறது. குளிரில் 3.5-ல் பூட்டியிருந்தால் மதியத்தில் சுமார் 2.3 ஆகி முழங்கையைத் தாண்டிவிடும். யாரும் கருவியோடு நிற்காத நேரத்தில் குழாய்களுக்குள் கரி படியும். நம் ஊரில் பாய்லர் அறைகள் பெரும்பாலும் தகரக் கூரையின் கீழ் இருக்கின்றன. உள்ளே வெப்பம் வெளியைவிடக் கூடுதல். அதனால் முடிந்தால் நடுப்பகலில், அறைக்கதவு வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படி வைத்துவிட்டுத்தான் டேம்பரைச் சரிசெய்ய வேண்டும். நம் பாய்லரில் 4.5-க்குத் திரும்பி, பூட்டுத் திருகை இறுக்கி, டேம்பர் நிற்கும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடலாம். பிறகு பர்னரை நிறுத்தி மறுபடி எரியவிட்டு, பற்றும் நேரத்தில் புகை கக்குகிறதா என்று சில முறை பார்க்க வேண்டும். இரண்டு நாசில் உள்ள பர்னரானால் சின்னச் சுடருக்கும் பெரிய சுடருக்கும் தனித்தனியாக இதே வேலை.

இழப்பு 12.4-லிருந்து 8.8-க்கு இறங்கினால், அதே நீராவிக்கு ஏறக்குறைய நான்கு சதவீதம் டீசல் குறைவாகப் போதும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும் பாய்லரில் 300 லிட்டரில் 12 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு புது நாசிலும் அரை நாள் வேலையும் தரும் மிச்சம் இது.

ஆக்சிஜன் எண்ணே பொய் சொல்லும் ஓர் இடம் இருக்கிறது. புகைக்குழாயின் இணைப்புகளிலோ, பாய்லரின் பின்கதவு கயிற்றடைப்பிலோ இடைவெளி இருந்தால், சிம்னியின் இழுப்பு வெளிக்காற்றை அந்த வழியாக உள்ளே உறிஞ்சிவிடும். கம்பி அதற்குப் பிறகு இருந்தால் ஆக்சிஜன் 9, 10 என்று காட்டும். சுடரிலோ காற்று சரியாகத்தான் இருக்கும். அதை நம்பி டேம்பரை மூடினால் சுடர் மூச்சுத் திணறும். இதைக் கண்டுபிடிக்க வெப்பநிலை உதவுகிறது. உண்மையிலேயே சுடரில் காற்று மிகுந்தால் புகையின் வெப்பநிலை பெரும்பாலும் ஏறும், ஏனென்றால் கூடுதல் வாயு குழாய்களுக்குள் வேகமாக ஓடித் தன் சூட்டைக் கொடுத்து முடிக்காமலே வெளியேறுகிறது. கசிவுக் காற்று கலந்தால் வெப்பநிலை இறங்கும். ஆக்சிஜன் கூடி வெப்பநிலை குறைந்திருந்தால் டேம்பரை விட்டுவிட்டு அடைப்புகளைத் தேட வேண்டும். பாய்லருக்கு இன்னும் அருகில் ஒரு துளையில் அளந்து பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். துளையைச் சுற்றிக் கம்பியின் கூம்பு இறுக உட்காராமல் இருந்தாலும் இதே பொய்தான் வரும்.

வெப்பநிலையின் பெரிய பயன் மாதங்கள் போகப்போகத் தெரியும். சரிசெய்த அன்று 4.5, 18, 216 என்று பதிவேட்டில் எழுதிவைத்திருந்தோம் என்றால், அடுத்து எழுதுவதையெல்லாம் அதோடு ஒப்பிடலாம். மூன்று மாதம் கழித்து ஆக்சிஜன் 4.5, கார்பன் மோனாக்சைடு 20, வெப்பநிலை மட்டும் 250 என்று வந்தால் எரிப்பில் குறை இல்லை. சூடு தண்ணீருக்குப் போய்ச் சேருவதில் தடை இருக்கிறது. குழாய்களின் புகைப் பக்கம் கரி படிந்திருக்கும், அல்லது தண்ணீர்ப் பக்கம் உப்பு படிந்திருக்கும். பாய்லர் ஆறியபின் கதவைத் திறந்து பிரஷ் போட்டுவிட்டுத் திரும்ப அளந்தால், 216-க்கு இறங்கினால் கரி. இறங்காவிட்டால் உப்பு என்றுதான் சந்தேகப்பட வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பி ஓடும் பாய்லர்களில் மென்னீராக்கியின் ரெசின் களைத்துப்போவதை முதலில் தெரிவிப்பது பல நேரம் இந்த வெப்பநிலைதான். சிம்னியின் வெப்பநிலை 22 டிகிரி ஏறினால் எரிபொருள் செலவு ஒரு சதவீதம் கூடும் என்பது தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. இதுவே ஆக்சிஜன் குறைந்து, வெப்பநிலையும் சேர்ந்து ஏறியிருந்தால் கதை வேறு. நாசில் துளை தேய்ந்து, அதே காற்றுக்கு அதிக டீசல் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த ஒப்பீடெல்லாம் கருவி உண்மை பேசும்வரைதான். ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் அளக்கும் சென்சார்கள் வேதிப்பொருள் நிரப்பிய சிறு செல்கள். சில ஆண்டுகளில் அவற்றின் ஆயுள் தீரும். ஒவ்வொரு அளவீட்டுக்குப் பிறகும் கம்பியை வெளிக்காற்றில் பிடித்து, ஆக்சிஜன் 20.9-க்கும் கார்பன் மோனாக்சைடு பூஜ்யத்துக்கும் திரும்புகிறதா என்று பார்ப்பது சில நிமிட வேலை. ஆனால் கார்பன் மோனாக்சைடு செல் செத்துப்போயிருந்தாலும் பூஜ்யத்தைத்தான் காட்டும். வெளிக்காற்றில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அளவு தெரிந்த வாயுவை ஊதிப் பார்த்துச் சான்று வாங்க, ஆண்டுக்கு ஒரு முறையாவது கருவியை அனுப்பத்தான் வேண்டும். கடுமையாகப் புகைக்கும் பர்னரில் கம்பியைச் செருகி அந்த செல்லை மூழ்கடித்துவிட்டால், வெளிக்காற்றில் நீண்ட நேரம் ஓடவிட்டுத்தான் மீட்க வேண்டியிருக்கும்.

கருவியின் திரையில் ‘எஃபிஷியன்சி 91.2’ என்று ஓர் எண்ணும் வரும். 100-லிருந்து நாம் போட்ட அந்த 8.8-ஐக் கழித்த எண்தான் அது. புகையில் ஆவியாகப் போகும் நீரின் மறைவெப்பத்தை அந்தக் கணக்கு சேர்ப்பதில்லை. சேர்த்தால் ஐந்தாறு சதவீதம் குறையும். பாய்லர் உடம்பிலிருந்து அறைக்குள் வீசும் சூடு, அடிநீரை வெளியேற்றும்போது போகும் சூடு, பர்னர் ஒவ்வொரு முறை பற்றுவதற்கு முன்பும் விசிறி ஓடி உள்ளே இருக்கும் சூட்டைச் சிம்னிக்கு ஊதிவிடுவது, இவற்றில் எதுவும் அதில் இல்லை. நீராவியாக என்ன கிடைக்கிறது என்று தெரிய வேண்டுமானால், பாய்லருக்குப் போகும் தண்ணீருக்கு ஒரு மீட்டரும் டீசலுக்கு ஒரு மீட்டரும் போட்டு, ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் நீராவியானது என்று தினமும் குறிக்க வேண்டும். நாம் பார்த்த பாய்லர் டேம்பரைச் சரிசெய்வதற்கு முன் லிட்டருக்கு 12 லிட்டர் தந்திருந்தால், சரிசெய்த பிறகு அதே தண்ணீர் வெப்பநிலைக்கும் அதே அழுத்தத்துக்கும் பன்னிரண்டரையை நெருங்க வேண்டும். நெருங்கவில்லை என்றால் மிச்சமான சூடு வேறு எந்த வழியிலோ போகிறது. அதற்கு அனலைசரைப் பெட்டியில் வைத்துவிட்டு, அடிநீர் வால்வு ஒழுகுகிறதா, மறை கழன்ற காப்புத் தகடு எங்கே, பர்னர் மணிக்கு எத்தனை முறை நின்று பற்றுகிறது என்று பார்க்கத் தொடங்க வேண்டும்.